கோட்டை அடுப்பு இருந்த இடம்

1987-இல் மதுரை சிம்மக்கல்லில் இருந்த எங்கள் மெஸ்ஸுக்கு கேஸ் அடுப்பு கொண்டுவர வேண்டும் என்று அப்பா பேச்செடுத்தபோது, அன்றைய சரக்கு மாஸ்டர் மூன்று காரணம் சொல்லி மறுத்தார். கேஸில் கொதித்த சாம்பாருக்கு ருசி நிற்காது. சிலிண்டர் வெடித்தால் தெருவே மிஞ்சாது. விறகைவிடச் செலவு கூடும். அவருக்குக் கீழே வெங்காயம் உரித்துக்கொண்டும் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டும் இருந்த பையன்தான் இன்று எங்கள் சரக்கு மாஸ்டர். சாம்பாரையும் ரசத்தையும் சோற்றையும் பாலையும் இண்டக்‌ஷனுக்கு மாற்றலாமா என்று நான் கேட்டபோது அவர் சொன்னதும் அதே மூன்றைத்தான்.

"ருசி போயிரும் பாப்பா. ஈரத்துல நின்னு வேலை பாக்குறோம், ஷாக் அடிச்சிரும். கரன்ட் பில்லு கட்டி மாளாது."

அவர் தீக்கு முன்னால் நின்றே ஆயுளைக் கழித்தவர். விறகுப் புகையில் தொடங்கி கேஸ் வெக்கையில் தலை நரைத்தவர். அவர் சொல்வதை வயசானவர் பிடிவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அன்றைக்கு அப்பாவிடம் கேட்கப்பட்ட மூன்று கேள்விகளுக்கும் அப்பா வாயால் பதில் சொல்லவில்லை. ஒரு அடுப்பை மட்டும் மாற்றி வைத்துப் பார்த்தார். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

எங்கள் சமையல்கட்டை இப்போது பார்க்கிறவர்களுக்கு அன்றைய நிலையை நம்பக் கஷ்டமாக இருக்கும். பின்கட்டில் செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய கோட்டை அடுப்பு சுவரோரமாக நீண்டு கிடக்கும். சவுக்கும் வேலமரமும் லாரியில் வந்து முற்றத்தில் இறங்கும். ஐப்பசி கார்த்திகையில் விறகு நனைந்துவிட்டால் தீ பிடிக்காது, புகைதான் வரும். அண்டாவை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் வெளிப்பக்கம் முழுக்க மண்ணைக் குழைத்துப் பூசுவார்கள். அப்படிப் பூசினால்தான் பிறகு கரி லேசில் போகும். அதிகாலை மூன்று மணிக்கு ஒருவர் எழுந்து அடுப்பு பற்றவைத்தால்தான் ஆறு மணிக்கு இட்லி. அவர் கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும். விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கோ சற்று மேலோதான் பாத்திரத்துக்குள் போகும். மிச்சமெல்லாம் புகையாகவும் சுவரின் சூடாகவும் ஆட்களின் மேல் வெக்கையாகவும் போய்ச் சேரும்.

விறகு அடுப்பில் ஒரு நல்லது இருந்தது, அதை மறுக்கமாட்டேன். தீயை இழுத்த பிறகு தணல் நிற்கும். பருப்பு வெந்து மலர்வதும், ரசம் கொதிக்காமல் நுரை கட்டி நிற்பதும் அந்தத் தணலில்தான். பழைய மாஸ்டர் 'ருசி' என்று சொன்னது பெரும்பாலும் இந்தத் தணலைத்தான் என்று நினைக்கிறேன். கேஸ் வந்தபோது அது போய்விட்டது. ஹை பிரஷர் பர்னரை ஓரளவுக்கு மேல் சிறிதாக்க முடியாது. சிறிதாக்கினால் தீ விட்டுவிட்டு எரியும், அல்லது பின்வாங்கி உள்ளேயே எரியும். அதனால் பருப்புக்கு ஆளை நிறுத்திக் கிண்ட வைத்தோம். தணலைப் போல மெல்லிய சூட்டை மணிக்கணக்கில் ஒரே சீராகத் தருவது இண்டக்‌ஷனுக்கு எளிது என்பதை மாஸ்டரே பிறகு கண்டுகொண்டார். அதற்கு முன்னால் நாங்கள் செய்த சோதனையைச் சொல்லிவிடுகிறேன்.

மாவு மில்லில் இருந்து ஒரு எடை மேடையை இரவல் வாங்கி வந்தோம். அதன்மேல் 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் ஒன்றை நிறுத்தி, சாம்பார் அடுப்புக்கு மட்டும் அதில் இருந்து இணைப்புக் கொடுத்தோம். நாற்பது லிட்டர் தண்ணீரை அண்டாவில் ஊற்றி, வழக்கம்போல முழுத் தீயில் வைத்து, தளதளவென்று கொதிக்கும்வரை எவ்வளவு கேஸ் இறங்குகிறது என்று பார்த்தோம். ஏறத்தாழ 640 கிராம் இறங்கியது; அரைமணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது.

இதை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்கிறேன். நாற்பது லிட்டர் தண்ணீரை 30 டிகிரியில் இருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டிய சூடு, கரன்ட் கணக்கில் சொன்னால், மூன்றேகால் யூனிட். அது எந்த அடுப்பானாலும் மாறாது. ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் பன்னிரண்டே முக்கால் யூனிட் அளவுக்குச் சூடு வரும். 640 கிராமுக்கு எட்டு யூனிட் சூடு வந்திருக்கிறது. எட்டில் மூன்றேகால்தான் தண்ணீருக்குள் போனது, அதாவது நூற்றுக்கு நாற்பது. மீதி அறுபது அண்டாவின் இரண்டு பக்கமும் தவழ்ந்து மேலே போய், மாஸ்டரின் முகத்திலும் எக்ஸாஸ்ட் குழாயிலும் சேர்ந்திருக்கிறது.

பிறகு விற்பனைக்காரர் பார்வைக்குக் கொண்டுவந்த 8 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்பில் அதே நாற்பது லிட்டரை வைத்தோம். தனியாக ஒரு சப் மீட்டர் போட்டிருந்தோம். நான்கு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. நேரம் அரைமணிக்கு ஓரிரு நிமிடம் குறைவு. ஆக, ஓட்டலுக்குச் சாமான் விற்கிறவர்கள் பட்டியலில் போடும் 'சூட்டுத் திறன்' எண்ணை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. எங்கள் கேஸ் பர்னர் மணிக்கு 1.2 கிலோ எரிப்பது. கரன்ட் கணக்கில் அது 15 கிலோவாட். இண்டக்‌ஷன் 8 கிலோவாட். காகிதத்தில் பாதிதான். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் கொதிக்க வைத்தன. இண்டக்‌ஷனில் தீ என்று ஒன்று இல்லை. கண்ணாடிக்கு அடியில் உள்ள செம்புச் சுருளின் காந்தப் புலம் அண்டாவின் அடித்தகட்டையே சூடாக்குகிறது. அதனால் நூற்றுக்கு எண்பத்தைந்து உள்ளே போகிறது. கேட்க வேண்டியது அடுப்பு எவ்வளவு எரிக்கிறது என்பதை அல்ல, பாத்திரத்துக்குள் எவ்வளவு போகிறது என்பதை.

மாஸ்டர் இதை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இன்னொரு தடவை கேஸ்ல வைங்க, நான் தீ வைக்கிறேன்" என்றார். பர்னரின் காற்று மூடியைத் திருப்பி, தீயின் மஞ்சள் நுனி போய் நீலமாகும்வரை சரிசெய்தார். தீயை அண்டாவின் அடிக்கு உள்ளேயே நிற்கும்படி குறைத்தார். அந்த முறை 520 கிராம்தான் இறங்கியது, ஆனால் முக்கால் மணி நேரம் ஆனது. பாதிச் சூடு தண்ணீருக்குள் போயிருக்கிறது. கேஸை வீணடிப்பது பர்னர் மட்டுமல்ல, அவசரமும்தான் என்று அவர் எனக்குக் காட்டினார். அண்டாவின் அடியில் கரி படிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாலே போதும். கரி வந்தால் காற்று போதவில்லை, காசு போகிறது என்று பொருள். ஆனால் பதினோரு மணிக்குச் சாப்பாட்டுக் கூட்டம் வாசலில் நிற்கும்போது முக்கால் மணி நேரம் காத்திருக்க யாராலும் முடியாது. நடைமுறையில் எங்கள் அடுப்பு நூற்றுக்கு நாற்பதில்தான் ஓடும் என்பதை அவரும் ஒப்புக்கொண்டார்.

இனி தோசைக்கல். இங்கே நான் மாஸ்டர்கள் பக்கம். எங்கள் கல் நாலரை அடி நீளம், நல்ல தடிமன், அடியில் மூன்று பர்னர், ஒவ்வொன்றுக்கும் தனித் திருகு. தோசை மாஸ்டர் ஒரு முனையில் ரோஸ்ட்டுக்கு ஓங்கிய சூடும், நடுவில் ஊத்தப்பத்துக்கு மிதமும், மறுமுனையில் வெந்ததைத் தள்ளி வைக்க இளஞ்சூடும் வைத்துக்கொள்கிறார். தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் இழுத்து, அந்தச் சத்தத்திலேயே சூட்டை அளக்கிறார். ஒரு தோசை வெந்து முறுகுவதற்கு அதன் மாவில் உள்ள தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாகிப் போக வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைப்பதைவிட ஆவியாக்குவதற்குப் பல மடங்கு சூடு வேண்டும். ஆறு தோசை ஒரே நேரத்தில் கல்லில் கிடந்தால், அந்த இரண்டு நிமிடமும் கல் இடைவிடாமல் சூட்டை இழந்துகொண்டே இருக்கிறது. ஒற்றைச் சுருள் இண்டக்‌ஷன் மேல் பெரிய இரும்புத் தகட்டை வைத்தால் சுருளுக்கு மேலே உள்ள வட்டம் மட்டும் கொதிக்கும், ஓரம் பின்தங்கும். நடுவில் கருகி ஓரத்தில் வெளுத்த தோசைதான் வரும். நடு மட்டும் விரிவதால் தகடு வளைந்து எண்ணெய் ஒரு பக்கம் ஓடவும் தொடங்கும். பல சுருள் வைத்துச் செய்த இண்டக்‌ஷன் தோசைக்கல் கடைகளில் வந்திருக்கிறது. சூடு சீராக நிற்கிறது. ஒரே மாதிரித் தோசை வரிசையாக ஊற்றும் இடத்துக்கு அது பொருந்தும். பரோட்டாவை அடித்துத் தட்டி, ஒரே கல்லில் மூன்று விதச் சூடு கேட்கும் எங்கள் கடைக்கு அது வேண்டாம் என்றுதான் முடிவு செய்தேன். தோசைக்கல்லும் பரோட்டாக் கல்லும் கேஸிலேயே இருக்கும்.

ஆக, கேஸா கரன்ட்டா என்ற கேள்வியே முழுச் சமையல்கட்டுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அடுப்பாகக் கேட்க வேண்டும். தண்ணீர் கொதிக்கிற அடுப்பா, இரும்பு காய்கிற அடுப்பா என்று பிரித்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. சாம்பார், ரசம், சோறு, பால் எல்லாம் முதல் வகை.

அடுத்த சிக்கல் பாத்திரம். எங்களிடம் இருந்த பெரிய பாத்திரங்களில் பாதிக்கு மேல் அலுமினிய அண்டா. இண்டக்‌ஷனில் அதை வைத்தால் மெஷின் 'பாத்திரம் இல்லை' என்று சொல்லி நின்றுவிடும். எவர்சில்வர் எல்லாம் ஓடும் என்று நினைக்கவும் கூடாது. கடைகளில் நல்ல எவர்சில்வர் என்று விற்கும் 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது. ஒரு காந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சமையல்கட்டு முழுக்கச் சுற்றினோம், ஒட்டியவை சொற்பம். அடியில் காந்தம் ஒட்டும் 430 ரகத் தகடு வைத்து, நடுவில் அலுமினியம் பொதிந்த அண்டாக்களைப் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. அந்த நடு அலுமினியம் தேவையா என்று கேட்டால், தேவைதான். அது இல்லாத மெல்லிய அண்டாவில் பருப்பு வேகவைத்துப் பார்த்தோம். கொட்டிக் கழுவியபோது அடியில் வளையம் வளையமாகப் பழுப்பேறியிருந்தது. சுருள் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் அடிப்பிடித்திருந்தது. பொதிந்த அடியில் அந்த வளையம் வரவில்லை. புளி, தக்காளி போடும் சாம்பாருக்கு அலுமினியத்தைவிட எவர்சில்வர் நல்லது என்பது கூடுதல் வரவு.

இங்கேதான் மாஸ்டரின் ருசிக் கேள்விக்கு விடை வந்தது. பருப்பை ஒரு கிலோவாட்டில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். அண்டாவில் மேலே ஒரு குமிழ் மட்டும் விட்டுவிட்டு எழும்பிக்கொண்டிருந்தது. நீண்ட நேரம் அதையே பார்த்தவர், "இது தணலு மாதிரில்ல நிக்கிது" என்றார். தாளிப்பை மட்டும் கேஸில்தான் செய்வேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். தாளிப்புக் கரண்டியைத் தீயின் மேல் சாய்த்து, கடுகு வெடிக்கும் நொடியில் தூக்க வேண்டும். இண்டக்‌ஷனில் கரண்டியைத் தூக்கினால் சூடு அறுந்துபோகும். அவர் சொன்னது சரி. ஒரு சின்னக் கேஸ் அடுப்பு அதற்கென்றே நிற்கிறது.

செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மாதத்து விலையை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். கமர்ஷியல் சிலிண்டர் விலை மாதாமாதம் முதல் தேதி மாறுவது. 2022 மே மாதம் சென்னையில் 2,500 ரூபாயைத் தொட்டது; பிறகு 1,800-க்குப் பக்கத்தில் இறங்கி வந்தது. கரன்ட் கட்டணம் அவ்வளவு ஆடுவதில்லை, ஆனால் அதில் ஒளிந்திருக்கும் பகுதி ஒன்று உண்டு. எங்கள் கணக்கை 1,800 ரூபாய் சிலிண்டருக்கும், வரியோடு யூனிட் பத்தரை ரூபாய்க்கும் போட்டேன். கொதிக்கும் அடுப்புகள் எல்லாம் சேர்ந்து மாதம் 24 சிலிண்டர் குடித்தன. அது 43,200 ரூபாய். அதே வேலையை இண்டக்‌ஷன் செய்ய 2,750 யூனிட் ஆகும். அது 29,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இத்தோடு நிறுத்திவிட்டால் மாதம் 14,000 ரூபாய் மிச்சம் என்று தோன்றும்.

ஒளிந்திருப்பது லோடு. இரண்டு 8 கிலோவாட்டும் ஒரு 5 கிலோவாட்டும் வாங்கினால் 21 கிலோவாட் கூட வேண்டும். கடைக்கான இணைப்பில், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும், வாங்கி வைத்திருக்கும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் மாதம் 100 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். எங்களுக்கு அது இரண்டாயிரத்துச் சொச்சம். அதனால் மிச்சம் 12,000 ஆகச் சுருங்கியது. மொத்த லோடு 50 கிலோவாட்டைத் தாண்டினால் கிலோவாட்டுக்கான கட்டணமே பெரிய படிக்கு ஏறிவிடும். ஃபிரிட்ஜ், கிரைண்டர், ஏ.சி. எல்லாம் சேர்த்து எங்கள் பழைய லோடு 18. அதனால் முழுச் சமையல்கட்டையும் மாற்றாமல் 39-இல் நின்றது, கல்லுக்காக மட்டும் எடுத்த முடிவு அல்ல. பில்லுக்காகவும் எடுத்த முடிவு. மெஷின், அண்டா, கேபிள், பேனல் எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் ஆகும் என்றார்கள். மாதம் 12,000 மிச்சத்தில் அது மீள இரண்டரை வருஷம் ஆகும். சிலிண்டர் 1,300-க்குக் கீழே போய்விட்டால் இந்த மிச்சம் இருக்காது. மாஸ்டர் காட்டியது போலப் பொறுமையாகத் தீ வைக்க முடிகிற சிறிய கடையில் 1,600 ரூபாயிலேயே இரண்டும் சமம் ஆகிவிடும்.

கரன்ட் போகும் நேரத்தையும் மறக்கக் கூடாது. ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். அந்த யூனிட் முப்பது ரூபாய்க்குப் பக்கத்தில் விழும். அதில் சாம்பார் வைப்பது வீண். அதற்காகவே சாம்பார் மூலையில் பழைய கேஸ் பர்னர் ஒன்றைக் கழற்றாமல் விட்டிருக்கிறோம். கரன்ட் போனால் அண்டாவை இரண்டு பேர் தூக்கி அதில் வைப்பார்கள். காந்த அடி அண்டா கேஸிலும் ஓடும்.

ஆபத்தைப் பற்றி எனக்கு ஒரு மன வருத்தம் உண்டு. அப்பா காலத்தில் எல்லோரும் சிலிண்டரைப் பார்த்துத்தான் பயந்தார்கள். புகையைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. பழைய மாஸ்டர் பிற்காலத்தில் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கி நின்றார். பழகிப்போன ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்று எங்கள் ஆட்கள் கரன்ட்டைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், கேஸோடு கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்கிறார்கள். அதனால் இரண்டையும் சமமாக உட்கார்ந்து யோசித்தோம்.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு ஊர்ந்து, கிடைக்கும் பள்ளத்தில் இறங்கும். எங்கள் சமையல்கட்டின் நடுவே ஒரு வாறுகால் ஓடுகிறது. கேஸ் அதில் இறங்கிப் படுத்துக்கிடந்தால் நின்றுகொண்டிருப்பவர் மூக்குக்கு வாசனை எட்டவே நேரமாகும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். வாசனை வந்ததும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றுவது. அந்த சுவிட்சின் பொறியே போதும். எந்தச் சுவிட்சையும் போடக் கூடாது, அணைக்கவும் கூடாது. வெளியே போய் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, கதவுகளைத் திறந்துவிட வேண்டும். கேஸ் டிடெக்டரை ஆள் உயரத்தில் மாட்டியிருக்கும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். அது தரையில் இருந்து ஒரு அடிக்குள் இருக்க வேண்டும்.

இன்னொன்று, கூட்ட நேரத்தில் சிலிண்டரின் கீழ்ப்பாதியில் பனி பூப்பது. உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகச் சுற்றியுள்ள சூட்டை இழுக்கிறது. ஒரு சிலிண்டரில் இருந்து மணிக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் மணிக்கணக்கில் தொடர்ந்து இழுத்தாலே குளிர்ந்து அழுத்தம் குறைகிறது. தீ சோர்ந்துவிடும். அப்போது வெந்நீர் ஊற்றுவதும், சிலிண்டரைச் சாய்த்துப் படுக்க வைப்பதும் எத்தனையோ கடைகளில் நடக்கிறது. படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாய்க்குள் போய், பர்னரில் ஆளுயரத்துக்குத் தீ எழும்பும். பனி பூத்தால் அதற்கு முறையான மருந்து, மேனிஃபோல்டில் சிலிண்டர்களைக் கூட்டுவது. ஆனால் லைசென்ஸ் இல்லாமல் 100 கிலோவுக்கு மேல் வைத்திருக்க விதி இடம் கொடுக்காது. 19 கிலோ சிலிண்டர் ஐந்தோடு அது முடிந்துவிடும். கொதிக்கும் அடுப்புகள் கரன்ட்டுக்குப் போனதும் எங்களுக்கு இந்த நெருக்கடி போய்விட்டது. வெளியே கம்பிக் கூண்டில் ஒரே நேரத்தில் நிற்கும் சிலிண்டர்கள் பாதியாகிவிட்டன. பனியும் பூப்பதில்லை.

கரன்ட்டின் ஆபத்து வேறு மாதிரி. மாஸ்டர் சொன்ன ஈரம்தான் அது. எங்கள் ஆட்கள் மத்தியானம் வேலை முடிந்ததும் ஹோஸ் பைப்பைப் பிடித்துத் தரை, சுவர், அடுப்பு எல்லாவற்றையும் அடித்துக் கழுவிப் பழகியவர்கள். பெரிய அண்டாவுக்கான இண்டக்‌ஷன், தூக்கி வைக்க வசதியாகத் தாழ்வாக இருக்கும். அதன் ஃபேன் அடியில் இருந்துதான் காற்றை இழுக்கும். ஹோஸ் தண்ணீரும் மாவுத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் அதே வழியாக உள்ளே போகும். அரை அடி உயர எவர்சில்வர் மேடை செய்து அதன்மேல் வைத்தோம். அந்தப் பக்கம் ஹோஸ் கூடாது, ஈரத் துணிதான் என்று எழுதி ஒட்டினோம். ஒவ்வொரு மெஷினுக்கும் தனி லைன், தனி எம்.சி.பி., அதோடு 30 மில்லி ஆம்பியரில் அறுந்துவிடும் ஆர்.சி.சி.பி. இந்த ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி வயரைக் கட்டிவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. அது விழுவது எங்கோ கசிவு இருக்கிறது என்று சொல்லத்தான். அதைத் தாண்டிக் கட்டுவது ஆளைத் தாண்டிக் கட்டுவதற்குச் சமம்.

மெஷின் பழுதாகப் போகிறது என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும். முழுப் பவரில் இருபது நிமிடம் ஓடியதும் நின்று, ஆறிய பிறகு மறுபடி ஓடினால் உள்ளே காற்றுப் போகவில்லை என்று அர்த்தம். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் மாவும் எண்ணெயும் சேர்ந்து அட்டை மாதிரி படிந்திருக்கும். அதை ராத்திரிக்கு ராத்திரி வெந்நீரில் அலசி, மேடைக்கு மேல் காய வைப்பது பாத்திரம் கழுவும் அக்காவின் பொறுப்பு. அதற்கென்று சம்பளத்தில் சேர்த்துக் கொடுக்கிறோம். அலசாமல் விட்டால் போர்டு போகும். போர்டு போனால் அந்த மாதத்து மிச்சமும் அதோடு போகும்.

இந்த மாற்றத்தை நான் விரும்பியதற்குக் காசு முதல் காரணம் அல்ல. 15 கிலோவாட் தீயில் ஒன்பது கிலோவாட் பாத்திரத்துக்கு வெளியே வெக்கையாகப் போகிறது. அதே வேலைக்கு இண்டக்‌ஷன் விடுவது ஒன்றரைக்கும் குறைவு. சித்திரை மாதம் பதினொரு மணிக்கு மாஸ்டர் ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, இரண்டு அண்டாவுக்கு நடுவில் நின்று கிண்டுவதைச் சிறுவயதில் இருந்து பார்த்து வளர்ந்தவள் நான். இந்த வருஷம் சித்திரையில் அவர் துண்டை நனைக்கவில்லை. அதைக் கேட்டபோது, "வேர்க்கல, எதுக்கு நனைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பெருங்காயத்தைத் தேடப் போய்விட்டார்.

இப்போது மிச்சம் இருப்பது இட்லிக் கொப்பரை. ஆவிக்கு இண்டக்‌ஷன் வேண்டியதில்லை. தண்ணீருக்குள்ளேயே ஹீட்டர் வைத்த ஸ்டீமர் போதும், அதன் சூடும் வீணாகாது. அதற்கு இன்னும் 9 கிலோவாட் வேண்டும். 39 என்பது 48 ஆகும். 50-க்குக் கீழேதான், ஆனால் வெயில் காலத்தில் இன்னொரு ஏ.சி. போட இடமிருக்காது. வைகைக்கரைத் தண்ணீரின் உப்பு ஹீட்டரில் படிந்து கல்லாகும் என்ற கவலையும் இருக்கிறது. ஸ்டீமருக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் பின்கட்டு எர்த் குழியைத் தோண்டிப் பார்த்து, எர்த் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று எர்த் மெகர் வைத்து அளக்கச் சொல்லியிருக்கிறேன். எலக்ட்ரீஷியன் வெள்ளிக்கிழமை வருகிறார். மாஸ்டரும் கூட நின்று பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.